லெவல் நினைவிருக்கிறது, இசையின் பெயர் தெரியவில்லை: கேள்வி பதில்கள்

ட்யூன் சரியாக நினைவில் இல்லை. மணி மாதிரி ஏதோ சத்தம், மெதுவான தாளம், கேட்டால் ஒரு ஏக்கம். இவ்வளவை வைத்து ஒரு கேமின் இசையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். பழைய கேம்களின் இசை எந்தக் கருவியில் ஓடியதோ அந்தக் கருவியின் குரலில்தான் ஒலித்தது. அதனால் நீங்கள் நினைவில் வைத்திருக்கும் வாத்தியம் எந்தக் கன்சோல் என்பதைக் காட்டிக்கொடுக்கும். உணர்வு எந்த மாதிரி லெவல் என்பதைச் சொல்லும். மிஞ்சி நிற்கும் நாலைந்து பாட்டுகளில் எது என்று பிரிக்க வேகம் உதவும். இந்த வரிசையில் போனால் தேட வேண்டியது மளமளவென்று குறையும். உணர்விலிருந்து ஆரம்பிப்பவர்கள்தான் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

முதல் வேலை, எதையும் கேட்காமல் எழுதுவது. யூடியூபில் நாலு பாட்டு கேட்டபின் உங்கள் நினைவு கடைசியாகக் கேட்டதன் பக்கம் சாய ஆரம்பித்துவிடும். அதனால் தேடுவதற்கு முன்பே ஒரு தாளில் கேட்டது, நடந்தது, உணர்ந்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். 'டிரம்ஸ் இல்லை' என்பது கேட்டது. 'பனியில் வழுக்கினேன்' என்பது நடந்தது. 'பயமாக இருந்தது' என்பது உணர்ந்தது. 'பயங்கரமான இசை' என்று ஒரே வரியில் எழுதினால் மூன்றும் கலந்துவிடும், பிறகு எதை நம்புவது என்று தெரியாது. கேட்ட விவரங்களில் ஒன்றை மட்டும் தேடலுக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

புல்லாங்குழல் கேட்டது என்று அடித்துச் சொல்வேன். ஆனால் அந்தக் காலத்து கேமில் புல்லாங்குழல் இருந்திருக்குமா?

பெரும்பாலும் இருந்திருக்காது, ஆனாலும் உங்கள் நினைவு பொய்யில்லை. வாத்தியத்தின் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்: பீப் பீப் என்று இருந்ததா, உலோகத்தைத் தட்டியதுபோல மினுமினுத்ததா, இல்லை நிஜ வாத்தியம்தான் ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருந்ததா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக இருக்கும்.

பீப் என்றால் 1983-இல் வந்த ஃபேமிகாம், அதாவது வெளிநாடுகளில் என்இஎஸ் என்று விற்றது, அல்லது 1989-இன் கேம்பாய் போன்றவை. என்இஎஸ் சிப்பில் மொத்தம் 5 சானல், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய 5 குரல். 2 சதுர அலை, 1 முக்கோண அலை, 1 இரைச்சல், சிறிய பதிவுகளை ஓட்ட 1. முக்கோண அலை மிருதுவானது. வழக்கமாக அதற்கு பேஸ் வேலைதான் கொடுப்பார்கள், மேல் ஸ்தாயியில் ஓடவிட்டால் புல்லாங்குழல் மாதிரியே கேட்கும். இங்கே இன்னொரு தடயமும் உண்டு. சானல்கள் குறைவு என்பதால் குதிக்கும் சத்தமோ சுடும் சத்தமோ வரும்போது இசையின் ஒரு குரல் அந்த நேரத்துக்குக் காணாமல் போகும். 'ட்யூன் நடுநடுவே அறுந்தது' என்று நினைவிருந்தால் இந்தத் தலைமுறைக் கருவி என்று சந்தேகிக்கலாம்.

உலோக மினுமினுப்பு என்றால் 1988-இல் வந்த சேகா மெகா டிரைவை முதலில் பாருங்கள். அதிலிருந்த யமஹா ஒய்எம்2612 சிப், ஒரு அலையை இன்னொரு அலையால் அசைக்கும் எஃப்எம் முறையில் 6 சானலில் ஒலி உண்டாக்கும். மணி, சுண்டியிழுக்கும் பேஸ், முரட்டுப் பித்தளை வாத்தியங்கள் இதற்குக் கைவந்த கலை. வயலின் மட்டும் எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் ரீங்காரமாகத்தான் வரும்.

மங்கலான நிஜ வாத்தியம் என்றால் 1990-இன் சூப்பர் ஃபேமிகாம், அதாவது எஸ்என்இஎஸ். அது சிறிய ஒலிப்பதிவுகளை 8 சானலில் ஓட்டியது. எல்லா வாத்தியமும் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் பதிவுகளைச் சுருக்கி, கூர்மையை இழந்துதான் வைத்தார்கள். அதன் மேல் சிப்பே சேர்க்கும் எதிரொலி. கோரஸ், வயலின் கூட்டம், குகையில் கேட்பதுபோன்ற தூரம் எல்லாம் சேர்ந்து நினைவிருந்தால் இங்கே தேடுங்கள்.

எந்த மறைப்பும் இல்லாமல் தெளிவான இசைக்குழு, மனிதக் குரலில் வரிகள் என்றால் சிடியில் வந்த கேம், அல்லது அதற்குப் பிந்தையது. அங்கே வாத்தியத்தை வைத்துக் கருவியைச் சொல்ல முடியாது, கதையையும் இடத்தையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

நான் விளையாடியது கம்ப்யூட்டரில். கேமைக் கண்டுபிடித்துவிட்டேன், ட்யூனும் அதேதான். ஆனால் வாத்தியம் வேறாக இருக்கிறதே?

உங்கள் சவுண்ட் கார்டு வேறு, அந்த வீடியோவைப் பதிந்தவரின் கார்டு வேறு. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் கேம்களில் பலவற்றில் இசை பதிவாக இல்லை. எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எந்த எண்ணுள்ள வாத்தியம் என்ற குறிப்பாக மட்டுமே இருந்தது. அதை வாசித்தது உங்கள் கார்டு. அட்லிப், சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளில் இருந்த யமஹா எஃப்எம் சிப் ஒரு மாதிரி வாசிக்கும், ரோலண்டின் விலையுயர்ந்த கருவிகள் வேறு மாதிரி வாசிக்கும், விண்டோஸோடு வரும் மென்பொருள் சிந்தசைசர் இன்னொரு மாதிரி. 1993-இன் டூம் கேமை இந்த மூன்றிலும் கேட்டுப் பாருங்கள், ஒரே பாட்டை மூன்று கச்சேரியில் கேட்பதுபோல் இருக்கும்.

அதனால் கம்ப்யூட்டர் கேம் என்றால் வாத்தியத்தை நம்பி எதையும் தள்ளிவிடாதீர்கள். கேமின் பெயரோடு கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடினால் வெவ்வேறு வடிவங்கள் கிடைக்கும். முதலாவது யமஹா எஃப்எம் சிப், மற்ற இரண்டும் ரோலண்ட் கருவிகள்.

```
OPL3
MT-32
SC-55
```

வேகத்தை எப்படி அளப்பது? மனசில் ஓடும் வேகத்தை நம்பலாமா?

நம்பலாம், எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே. டேனியல் லெவிட்டினும் பெர்ரி குக்கும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மக்களைத் தங்களுக்குப் பழக்கமான பாட்டுகளை நினைவிலிருந்து பாடச் சொன்னார்கள். பாடியவற்றில் 72 சதவீதம் அசல் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்குள் இருந்தன. அதாவது அசல் நிமிடத்துக்கு 120 பீட் என்றால், பெரும்பாலும் 110-க்கும் 130-க்கும் நடுவில் வந்து நின்றார்கள். திரும்பத் திரும்ப ஒரே லெவலில் தோற்று, அதே இசையை நூறு முறை கேட்டவருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அளக்க வேண்டியது இப்படி. கண்ணை மூடி இசையை மனசில் ஓடவிட்டு, தொடையில் தாளம் தட்டுங்கள். 15 வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். அப்புறம், தட்டிக்கொண்டே 'தகதிமி' சொல்லிப் பாருங்கள், அடுத்து 'தகிட' சொல்லிப் பாருங்கள். எது ஒட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான லெவல் இசை தகதிமியில்தான் போகும் என்பதால், தகிட ஒட்டினால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம், தேடல் ஒரே அடியில் சுருங்கிவிடும். 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் தண்ணீர் லெவல் மட்டும் தகிட நடையில் ஆடுவது இதற்கு நல்ல உதாரணம்.

எண் தப்பாகப் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாதியோ இரட்டிப்போ எண்ணிவிடுவது. நீங்கள் 80 என்று எண்ணியதை இன்னொருவர் 160 என்று எண்ணுவார், இருவரும் சரிதான். எனவே இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

இரண்டாவது, டிவி. சில நாடுகளின் பழைய டிவிகள் வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தன, மற்ற நாடுகளில் 50 முறை. அக்காலத்தில் பல கேம்கள் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் இசையை ஒரு அடி நகர்த்தும்படி எழுதப்பட்டன. அதை அப்படியே 50-க்குக் கொண்டுவந்தால் இசை ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். 150 பீட் 125 ஆகிவிடும். 1991-இன் முதல் சோனிக் மெகா டிரைவில் இப்படித்தான் மெதுவாக ஓடியது, இரண்டாவது சோனிக்கில் இசையின் வேகத்தைச் சரிசெய்துவிட்டார்கள். மெகா டிரைவில் வேகம் குறைந்தாலும் சுருதி ஏறக்குறைய அதேதான் இருக்கும் என்பதால், 'அதே பாட்டு, ஆனால் அவசரப்படுகிறது' என்று தோன்றும். அப்போது யூடியூபின் வேகத்தை 0.85 ஆக்கிக் கேளுங்கள். எஸ்என்இஎஸ்-இல் ஒலிக்கென்று தனி செயலியும் தனி கடிகாரமும் இருந்ததால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

உணர்வுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது தடயமாகுமா?

ஆகும், ஆனால் அந்த உணர்வு இசையிடமிருந்து வந்ததா, நடந்ததிலிருந்து வந்ததா என்று முதலில் பிரிக்க வேண்டும். சோனிக் கேம்களில் தண்ணீருக்குள் மூச்சு முடியும் நேரம் வரும்போது 5-இலிருந்து கீழே எண்ணுவார்கள், கூடவே வேகமெடுத்துக்கொண்டே போகும் ஒரு பதற்றமான இசை வரும். பலர் அதைத் 'தண்ணீர் லெவல் பாட்டு' என்று தேடுகிறார்கள். அது அந்த லெவலின் பாட்டே இல்லை, மூழ்கும் நிலையின் பாட்டு. எந்தத் தண்ணீர் லெவலிலும் அதேதான் வரும். அதேபோல சூப்பர் மாரியோ பிரதர்ஸில் நேரம் 100-க்குக் கீழே போனால் அதே இசை வேகமாக ஓடும். கடைசி நேரத்தில்தான் எப்போதும் முடித்தீர்கள் என்றால், நீங்கள் நினைவில் வைத்திருப்பது அந்த வேகமான வடிவமாக இருக்கலாம்.

இப்படிப் பிரித்தபின், உணர்வுக்குப் பின்னால் காதில் விழுந்தது என்ன என்று தேடுங்கள். 'அமைதி' என்று எழுதியிருந்தால் டிரம்ஸ் இருந்ததா என்று கேளுங்கள். இல்லை என்றால் தண்ணீர், பனி, வரைபடம், சேமிக்கும் அறை ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். 'பதற்றம்' என்றால் ஒரே ஸ்வரத்தை விடாமல் அடித்ததா, வேகம்தான் காரணமா? 'ஏக்கம்' என்ற சொல்லை மட்டும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. இருபது வருடம் கழித்து நினைத்தால் கார் ரேஸ் இசைகூட ஏக்கமாகத்தான் இருக்கும்.

தண்ணீருக்குள் இறங்கும் ஸ்டேஜ், 3டி கேம். முதலில் மென்மையான பியானோ போல ஒன்று, மெதுவாக. அப்புறம் வயலின்கள் வந்தன. குகைக்குள் போனதும் தாளமும் சேர்ந்தது. அமைதியாக இருந்தும் ஏதோ பயம். கேம் பெயர்கூட நினைவில்லை. கண்டுபிடித்துத் தர முடியுமா?

இதில் எல்லாவற்றையும்விட மதிப்பானது 'அப்புறம்' என்ற சொல். வயலின் வந்தது நேரம் கழித்தா, இடம் மாறியதாலா? கரையிலேயே நின்றால் வந்திருக்குமா? வராது, தண்ணீருக்குள் போனால்தான் வரும் என்றால், கேமே உங்கள் இடத்தைப் பார்த்து வாத்தியங்களைத் திறந்து மூடுகிறது என்று அர்த்தம்.

இப்போது கருவிக்கு வருவோம். 3டி என்பதால் 1990-களின் நடுப்பகுதி அல்லது அதன் பிறகு. சிடியிலிருந்து ஒரு முழுப் பாட்டாக ஓடும் இசையில், ஒரு வாத்தியத்தை மட்டும் நடுவில் சேர்ப்பது சிரமம். ஸ்வரக் குறிப்புகளை விளையாடும்போதே வாசிக்கும் கருவியில் அது எளிது, மூடி வைத்த சானலைத் திறந்தால் போதும். கேட்ரிட்ஜில் வந்த 1996-இன் நின்டெண்டோ 64 அப்படிப்பட்டது. வேறு கருவியிலும் செய்திருக்கலாம்தான், ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அதில் இடத்துக்கேற்ப இசை மாறும், தண்ணீரும் இருக்கும் கேம்கள் என்றால் உடனே இரண்டு வரும்: 1996-இன் சூப்பர் மாரியோ 64, 1998-இன் பான்ஜோ-கஸூயி. இரண்டையும் பிரிப்பது சுலபம். பான்ஜோவில் இடம் மாறினால் அதே ட்யூனை வேறு வாத்தியங்கள் வாசிக்கும், பழையவை விலகிவிடும். உங்கள் விவரிப்பில் பியானோ போகவில்லை, அதன் மேல் வயலின் வந்தது, அதன் மேல் தாளம் வந்தது. அடுக்கடுக்காகச் சேர்ப்பது மாரியோ 64. இசையமைத்தவர் கோஜி கோண்டோ.

இனி எந்த லெவல்? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அந்த கேமில் இதே இசை இரண்டு பெரிய தண்ணீர் லெவல்களில் வருகிறது: மூன்றாவது லெவலான ஜாலி ரோஜர் பே, ஒன்பதாவதான டயர் டயர் டாக்ஸ். ஒன்பதாவதில் ஆரம்பத்திலேயே தண்ணீரில் விழுந்துவிடுவோம். உங்களுக்குப் பியானோ மட்டும் தனியாக ஒலித்தது நினைவிருப்பதால், கரையில் ஆரம்பிக்கும் மூன்றாவதாகத்தான் இருக்கும். அந்தப் பயமும் அங்கே பொருந்துகிறது. மூழ்கிய கப்பலின் துளையிலிருந்து ஒரு பெரிய விலாங்குமீன் தலையை நீட்டும். இசையில் பயமுறுத்தும் எதுவும் இல்லை, பயத்தைக் கொடுத்தது அந்த மீன்.

தேடும்போது பாட்டின் பெயராக ஒன்பதாவது லெவலின் பெயர்தான் வரும், நீங்கள் விளையாடியது மூன்றாவதாக இருந்தாலும். 'இது வேறு லெவல்' என்று தாண்டிப் போகாதீர்கள்.

```
Dire, Dire Docks
Jolly Roger Bay gameplay
```

முதல் தேடல் பாட்டைத் தரும். இரண்டாவது விளையாடும் வீடியோவைத் தரும், அதில் மாரியோ தண்ணீரில் குதிக்கும் கணத்தில் வயலின் நுழைகிறதா என்று பாருங்கள். ஆல்பத்தில் கேட்கும் வடிவத்தை வைத்து இதைச் சோதிக்க முடியாது, அங்கே அடுக்குகள் உங்கள் இடத்துக்கேற்ப மாறாது.

ஆப்பில் முணுமுணுத்தால் கண்டுபிடிக்காதா?

தெளிவான ட்யூன் இருந்தால் முயன்று பாருங்கள். கூகுளில் 2020-இலிருந்து முணுமுணுத்துத் தேடும் வசதி இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன தண்ணீர் இசை போல, நீளமான ஸ்வரங்களும் சூழலும்தான் இசை என்றால் முணுமுணுக்க அதிகம் இருக்காது. ஷஸாமுக்கு அசல் ஒலிப்பதிவே வேண்டும்.

முணுமுணுப்பதற்குப் பதில் ட்யூனின் ஏற்ற இறக்கத்தை எழுதி வைப்பது எனக்குப் பிடித்த வழி. முதல் ஸ்வரத்துக்கு நட்சத்திரக் குறி, ஏறினால் U, இறங்கினால் D, அதே ஸ்வரம் திரும்பினால் R. 'ச ரி க க ரி ச' என்பது இப்படி வரும்:

```
*UURDD
```

இதற்குப் பார்சன்ஸ் குறியீடு என்று பெயர். சுருதி தெரிய வேண்டியதில்லை, மேலே போனதா கீழே வந்ததா என்பது போதும். பத்துப் பன்னிரண்டு எழுத்து இருந்தால், வீடியோவில் ஒரு பாட்டு ஓடும்போதே இது இல்லை என்று தள்ளிவிடலாம்.

லெவல் அதேதான், ஐயமே இல்லை. ஆனால் இசை முற்றிலும் வேறு. என் நினைவுதான் தப்பா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லாதீர்கள். 1993-இன் சோனிக் சிடிக்கு ஜப்பான், ஐரோப்பா பக்கம் ஒரு இசையும் வட அமெரிக்காவுக்கு வேறு இசையும் கொடுத்தார்கள். ஒரே லெவல், வேறு பாட்டு. முதல் சோனிக்கின் 8-பிட் வடிவத்துக்கு யூசோ கோஷிரோ தனியாக இசை செய்தார், மெகா டிரைவ் வடிவத்தோடு ஒப்பிட்டால் பல இடங்களில் ஒத்துவராது. மறுபதிப்புகளில் உரிமைச் சிக்கலால் இசை மாறுவதும் உண்டு. எனவே கேமின் பெயரோடு கருவியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் வரும். 1990-இன் சூப்பர் மாரியோ வேர்ல்டில் தரை, தண்ணீர், நிலத்தடி லெவல்களின் இசை பெரும்பாலும் ஒரே மெட்டை வேகமும் தாளமும் மாற்றி எழுதியது. ட்யூன் பொருந்துகிறது, உணர்வு பொருந்தவில்லை என்றால், சரியான கேமில் தவறான லெவலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதுதான் என்று எப்படி உறுதி செய்வது? கேட்டால் எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கிறது.

முதல் பத்து வினாடியை நம்பாதீர்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், அடுத்து என்ன வரும் என்று மனசில் பாடுங்கள், பிறகு ஓடவிடுங்கள். நீங்கள் நினைவில் எழுதி வைக்காத ஒரு திருப்பத்தைச் சரியாக முன்கூட்டியே பாடிவிட்டால் அது பழைய நினைவுதான். முடிவிலிருந்து ஆரம்பத்துக்கு இசை திரும்பும் இடம் இதற்கு மிக நல்லது. விளையாடியவர் காதில் அந்த ஒட்டு பதிந்திருக்கும், வேறு பாட்டில் அது அப்படியே அமையாது.

அடுத்து, முதலிலேயே ஒதுக்கி வைத்த அந்த ஒரு விவரத்தை எடுங்கள். தேடலில் அதைப் பயன்படுத்தவில்லை என்பதால் அது தற்செயலாகப் பொருந்த வாய்ப்புக் குறைவு. 'நடுவில் ஒரு முறை எல்லாம் நின்று மணி மட்டும் ஒலிக்கும்' என்று எழுதியிருந்து, அதுவும் வந்துவிட்டால் தேடலை நிறுத்திவிடலாம். மற்றதெல்லாம் பொருந்தி அது மட்டும் வரவில்லை என்றால், அதே கேமின் மற்ற லெவல்களை வரிசையாகக் கேளுங்கள். சில கேம்களில் சவுண்ட் டெஸ்ட் என்ற பட்டியலே இருக்கும், எல்லாப் பாட்டையும் அங்கிருந்தே ஓட்டலாம். இரண்டு லெவலின் இசையை ஒன்றாக ஒட்டி நினைவில் வைத்திருப்பது சாதாரணம், அந்த மணி பக்கத்து லெவலில் கிடைக்கக்கூடும்.